பட்டுவின் பெயரில்

உதவித்தொகை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்த அன்று காலை, பெரியப்பாவுடைய தம்பியின் மனைவி மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். ஒரு கையால் மகள் பட்டுவின் தலையை வாரிக்கொண்டே மறு கையால் உறையைக் கிழித்தாள். இரண்டு மாதமாக எதிர்பார்த்த கடிதம் அது. பட்டுவுக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டது. சிறப்புப் பள்ளி இந்த ஆண்டோடு முடிகிறது. அதன் பிறகு பகல்நேரப் பயிற்சி மையத்தில் சேர்க்க ஓர் இடம் கிடைத்திருந்தது. சலுகைக் கட்டண இடம். மாத உதவித்தொகை உத்தரவைக் காட்டினால்தான் அந்த இடம் நிலைக்கும். மாதக் கடைசி வரை பிடித்து வைப்பதாக மையத்தில் சொல்லியிருந்தார்கள்.

கடிதத்தைப் படித்ததும் அவள் சிரித்துவிட்டாள்.

"இங்க பாருங்க, நம்ம பட்டு பணக்காரியாம். அவ பேர்ல பேங்க்ல டெபாசிட் இருக்காம். நாம மறைச்சுட்டோமாம்."

தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன். காலுறையை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தான். "எவ்வளவாம்?"

அவள் சொன்னாள். தம்பி விசிலடித்தான். "அம்மாடி, பட்டு! அப்பாவுக்கு ஒரு வண்டி வாங்கிக் கொடும்மா. எவனோ கம்ப்யூட்டர்ல தப்பா தட்டிருக்கான். வேற யாரோ பட்டு."

பட்டு அப்பா சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தாள். அவளுக்குப் பேச்சு சில சத்தங்கள்தான். சிரிப்பு மட்டும் முழுசாக வரும்.

ஜன்னலோரம் செய்தித்தாளை விரித்து வைத்திருந்த பெரியப்பா அதை மடித்தார். நாலாக மடித்து, ஓரம் ஓரத்தோடு சேர்கிறதா என்று பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். முப்பத்திரண்டு வருடம் ஒரு தொழிற்சாலைக் கிடங்கின் சாவியை வைத்திருந்த மனிதர். ஓய்வு பெறும் நாள்வரை ஓர் ஆணிகூடக் குறையவில்லை என்று பெயர் வாங்கியவர். மனைவி போன பிறகு, பிள்ளை இல்லாத அவர், தம்பியின் குடும்பத்தைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

"தப்பு இல்லை. அந்தப் பணம் இருக்கு" என்றார்.

சீப்பு பட்டுவின் தலையிலேயே நின்றது.

"நான் போட்டது. ஏழு வருஷம் ஆச்சு. ரிட்டையர் ஆனப்ப வந்த மொத்தத்தையும் அவ பேர்ல போட்டுட்டேன். நாம மூணு பேரும் போனப்புறம் அவ எவன் வாசல்லயும் போய் நிக்கக் கூடாதுன்னு."

"அண்ணா, மைனர் பேர்ல போடணும்னா நான் கையெழுத்துப் போட்டிருக்கணுமே" என்றான் தம்பி.

"போட்ட. நான்தான் பேங்குக்குக் கூட்டிட்டுப் போனேன். கேஸ் கனெக்ஷன் மாத்தின அதே வாரம்."

தம்பிக்கு அந்த வாரம் நினைவு வந்தது. வங்கியில் ஒரு மேசை, ஐந்தாறு தாள்கள், அண்ணனின் விரல் காட்டிய இடங்கள். அண்ணன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதும், என்ன ஏது என்று கேட்காமல் இருப்பதும் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரே பழக்கம். அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பத்தொன்பது, அவனுக்கு ஆறு. பள்ளி விண்ணப்பம், வேலை விண்ணப்பம், கல்யாணப் பதிவு எல்லாவற்றுக்கும் அண்ணனின் விரல்தான் முன்னால் போனது. கேட்பது அவநம்பிக்கை என்று அந்த வீட்டில் வளர்ந்தவன். வங்கியிலிருந்து வந்த தபால்களைப் பெரியப்பாவே வாங்கித் தன் இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். நன்றி என்று யாரும் தன் முன்னால் வந்து நிற்பது அவருக்குப் பிடிக்காது. கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிற குடும்பம் இது இல்லை என்பது அவர் கட்சி.

தம்பி மனைவி சீப்பை மறுபடி ஓட்டினாள். பட்டுவின் பின்னலை முடித்தாள். ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றினாள். பிறகு சமையலறை அலமாரியின் மேல்தட்டிலிருந்து கோடு போட்ட நீள நோட்டுகளை இறக்கினாள். வருடத்துக்கு ஒன்று. வீட்டுச் செலவு ஒரு பக்கம், பட்டுவின் செலவு எதிர்ப்பக்கம். ஏழு வருடத்துக்கு முந்தையதைத் தேடி எடுத்து, பெரியப்பாவின் செய்தித்தாள் மேல் வைத்துத் திறந்தாள்.

"மாமா, இதை ஒரு தடவை படிங்க. எனக்கு நேரமாச்சு."

அவள் பட்டுவைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். தம்பியும் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் முகத்தைப் பார்க்காமல் படி இறங்கினான்.

பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பட்டுவுக்குப் பதினொரு வயது நடந்த வருடம். தை முதல் பங்குனி வரை பேச்சுப் பயிற்சி வாரம் இரண்டு. சித்திரையில் வாரம் ஒன்று. பக்கத்தில் சின்ன எழுத்தில், 'டீச்சர் குறைக்க வேண்டாம்னு சொல்றாங்க, இந்த ரெண்டு வருஷம் முக்கியமாம்.' ஆடியில் அந்த வரி முழுவதும் அடிக்கப்பட்டு, 'வலிப்பு மாத்திரை விலை ஏறிவிட்டது, வேன் கட்டணமும்' என்றிருந்தது. கை விரல்களுக்கான பயிற்சி மாதம் ஒன்றாகக் குறைந்து, ஐப்பசியில் 'வீட்டிலேயே நாம் செய்வது' என்று ஆகியிருந்தது. படம் தொட்டால் குரல் வரும் கருவி ஒன்றின் விலையை எழுதி, அதன் கீழ் மூன்று முறை கூட்டிப் பார்த்து, மூன்று முறையும் ஒரே விடை வந்து, வட்டம் போட்டு விட்டிருந்தாள்.

அந்த வருடம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. கருவிக்குப் பதிலாக அட்டையில் படம் ஒட்டித் தருகிறோம் என்று அவள் சொன்னபோது, பழைய நாட்காட்டிகளைக் கொண்டுவந்து வெட்டி ஒட்டிக் கொடுத்தவர் அவர்தான். தண்ணீர், சோறு, தூக்கம், வலி. தன் கைவேலையைப் பார்த்துத் தானே மெச்சிக்கொண்டார். அப்போது அவள் பெயரில் வங்கியில் இருந்த தொகையில் அந்தக் கருவியை முப்பது தடவை வாங்கியிருக்கலாம்.

நோட்டை மூடியதும் எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டு வங்கிக்குக் கிளம்பினார். இதை முடித்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. பணத்தை எடுத்துத் தம்பி பெயருக்கு மாற்றிவிட்டால் கடிதத்துக்குப் பதில் ஆகிவிடும்.

வங்கியில் இருந்த பெண் அதிகாரிக்குப் பட்டுவை விட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். கணினியைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

"ஐயா, இந்தக் கணக்குல இப்ப உங்க தம்பி கையெழுத்துகூட செல்லாது. கணக்குக்காரங்களுக்குப் பதினெட்டு ஆயிடுச்சு. அவங்களே வந்து கையெழுத்துப் போடணும்."

"அவளால கையெழுத்துப் போட முடியாதும்மா."

"கைநாட்டு வைக்கலாம். ஆனா எதுக்கு வைக்கிறோம்னு அவங்களுக்குப் புரியணும். நான் கேட்டா பதில் சொல்லுவாங்களா?"

பெரியப்பா இல்லை என்று தலையசைத்தார்.

"அப்படின்னா கோர்ட்டுல அவங்களுக்கு ஒரு பாதுகாவலரை நியமிக்கணும். அந்த உத்தரவு வந்தா திறந்து விடுவோம். அதுவரைக்கும் யாரு வந்தாலும் தொட முடியாது. நீங்க போட்டவராவே இருந்தாலும்."

"நான் போட்ட பணம் அது."

"போட்டுட்டீங்க, ஐயா. இப்ப அது அவங்க பணம்" என்றாள் அந்தப் பெண். மரியாதையாகத்தான் சொன்னாள்.

மறுநாள் மூவரும் சிறப்புப் பள்ளிக்குப் போனார்கள். அங்கே வாரம் ஒரு நாள் பெற்றோர்களுக்கு வரவு செலவு பார்த்துத் தர ஓர் அம்மாள் வருவாள். தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் மகனும் அதே பள்ளியில் படித்தவன்தான். இப்போது முப்பத்தைந்து வயது. எல்லோரும் அவளைக் கணக்கு டீச்சர் என்பார்கள். அறை என்பது விளையாட்டுச் சாமான் அடுக்கிய கிடங்கின் பாதி. ரப்பர் பந்துகளுக்கு நடுவே மேசை.

கடிதத்தைப் படித்தவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"யாரு பண்ணின வேலை இது?"

"நான்" என்றார் பெரியப்பா.

"நல்ல மனசுக்காரங்கதான் இதைப் பண்ணுவாங்க. வருஷத்துக்கு ரெண்டு பேராவது இந்த நாற்காலில உக்காந்து 'நான்'னு சொல்லுவாங்க." தாளை எடுத்து இரண்டு கட்டம் போட்டாள். "இங்க பாருங்க. மைனரா இருக்கும்போது உதவிக்கு அப்பா அம்மா வருமானத்தைப் பார்ப்பாங்க. பதினெட்டு ஆனா அவ பேர்ல என்ன இருக்குன்னு பார்ப்பாங்க. ஒரு வரம்பு வச்சிருக்காங்க. அதுக்கு மேல ஒரு காசு இருந்தாலும் உதவித்தொகை கிடையாது. அந்தப் பணத்தைச் செலவழிச்சு வரம்புக்குக் கீழ கொண்டு வந்தாத்தான் கிடைக்கும்."

"அப்போ வேற எப்படிப் போட்டிருக்கணும்?" என்று கேட்டாள் தம்பி மனைவி. அவளிடம் பேனா தயாராக இருந்தது.

"அறக்கட்டளை மாதிரி ஒரு டிரஸ்ட். பணம் அவளுக்காக இருக்கும், அவ பேர்ல இருக்காது. குடும்பத்துல ஒருத்தர், வெளியாள் ஒருத்தர் பொறுப்பாளரா இருப்பாங்க. பல் வைத்தியமா, செருப்பா, பயிற்சிக் கட்டணமா, அவங்க நேரா கட்டுவாங்க. அவ கையில தர மாட்டாங்க. அப்ப அதை அவ சொத்துன்னு எண்ண மாட்டாங்க."

"வெளியாளா?" என்றார் பெரியப்பா. "எங்க வீட்டுப் பொண்ணு சோத்துக்கு வெளியாள் கையெழுத்தா?"

கணக்கு டீச்சர் அவரை நேராகப் பார்த்தாள். "என் மகனுக்கு என் அண்ணன் மகனும் ஒரு வக்கீலும்தான் பொறுப்பு. என் அண்ணன் மகன் தங்கம். இருந்தாலும் தங்கத்துக்கும் கல்யாணம் ஆகும், கடன் வரும், ஊர் மாறும். ஒருத்தர் மேல மட்டும் பாரத்தை வைக்கறது அவனுக்கும் நல்லதில்ல. ஐயா, உயில் எழுதியிருக்கீங்களா?"

"எழுதியிருக்கேன். இந்த வீடு பட்டுவுக்கு."

தம்பியும் அவன் மனைவியும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அதுவும் அவர்களுக்குத் தெரியாது.

"நேரா அவ பேருக்கா? மாத்துங்க. இந்த வாரமே மாத்துங்க. இல்லன்னா நீங்க கண்ணை மூடின மறுமாசம் திரும்பவும் இதே கடிதம் வரும். அப்ப பதில் சொல்ல நீங்க இருக்க மாட்டீங்க." பிறகு குரலைத் தணித்தாள். "இன்னொண்ணு. மறைச்சதாச் சொல்லியிருக்காங்களே, அதுக்கு இருபத்தோரு நாள்ல விளக்கம் கொடுக்கணும். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாதுன்னு உள்ளதை எழுதுங்க. அதுல மட்டும் கெட்டிக்காரத்தனம் வேண்டாம்."

வீட்டுக்கு வந்ததும் தம்பி விளக்கத்தை எழுத உட்கார்ந்தான். பெரியப்பா தன் அறையில் உயிலை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெளியே தம்பி மனைவியின் குரல் உயர்ந்தது.

"என்னங்க எழுதியிருக்கீங்க இது? 'நான் என் சேமிப்பில் போட்டேன், மறந்துவிட்டேன்'னு? எப்ப போட்டீங்க நீங்க?"

"மெதுவா பேசு. அண்ணன் பேரு இதுல வரக்கூடாது. ஒரு ஆணி குறையாத ஆளு. இந்த வயசுல ஆபீஸ் ஆபீஸா போய் நிப்பாரா?"

"அப்ப நீங்க பொய்க்காரன்னு பேரு வாங்கலாமா? அபராதம் போட்டா? அடுத்த தடவை பட்டுவுக்கு எதுக்குப் போய்க் கேட்டாலும் இவங்க ஏற்கெனவே மறைச்சவங்கன்னு எழுதி வச்சிருப்பாங்க. என் பிள்ளை ஃபைல்ல அது ஆயுசுக்கும் கிடக்கும்."

"என்னைப் படிக்க வச்சவருடி."

"படிக்க வச்சாரு. ஒரு தாளைக் கூடப் படிக்க விடலையே."

பெரியப்பா கதவைத் திறந்துகொண்டு வந்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். தம்பி தாளைக் கையால் மூடினான், பள்ளிக்கூடத்துப் பையன் மதிப்பெண்ணை மூடுகிற மாதிரி.

"கொடு" என்றார்.

"அண்ணா, இது சரியாத்தான் இருக்கு."

"கொடுடா."

அவன் கொடுத்தான். பெரியப்பா அதைப் படித்துவிட்டு இரண்டாகக் கிழித்தார். புதுத்தாள் எடுத்துத் தானே எழுதினார். கிடங்குப் பதிவேட்டில் எழுதுகிற அதே நிமிர்ந்த எழுத்து. பணம் தன்னுடையது, தானே போட்டது. தம்பியைத் தான் அழைத்துப்போய்க் கையெழுத்து வாங்கியது. என்ன தாள் என்று அவனுக்குச் சொல்லவில்லை, அவன் கேட்கவில்லை. வங்கித் தபால்களைத் தான் மறைத்து வைத்தது. தம்பி மனைவிக்கு எதுவும் தெரியாது. கடைசி வரி எழுத நேரம் பிடித்தது. 'என் குடும்பத்தில் பெரியவன் என்ற முறையில் இதைக் கேட்காமல் செய்தேன். தவறு என்னுடையது.'

அந்தக் கடிதத்தோடு மறுநாள் உதவித்தொகை அலுவலகத்துக்குத் தனியாகப் போனார். எண் சீட்டு வாங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். அவருக்கு முன்னும் பின்னும் சக்கர நாற்காலிகள், மருந்துச் சீட்டுப் பைகள், மடியில் தூக்கிவைத்த வளர்ந்த பிள்ளைகள். இப்படி ஒரு வரிசையில் தன் வீட்டுப் பெயர் நிற்கக் கூடாது என்றுதான் அவர் ஏழு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அதிகாரி நடுத்தர வயதுக்காரர். கடிதத்தை முழுவதும் படித்தார். வங்கிச் சீட்டுகளின் தேதிகளோடு ஒப்பிட்டார்.

"உங்க தம்பி படிச்சவர்தானே? ஏழு வருஷம் முன்னாடி எதுல கையெழுத்துப் போட்டோம்னு தெரியாதுங்கிறீங்க. நான் நம்பணுமா?"

"தெரியாது. என் வீட்டுல நான் நீட்டினா படிக்க மாட்டாங்க. அப்படி வளர்த்தேன்."

அதிகாரி சற்று நேரம் பேனாவைத் தட்டினார். "சரி. மறைக்கும் நோக்கம் இல்லைன்னு எழுதறேன். அபராதம் இல்லை. உங்க தம்பி பேருக்கு ஒண்ணும் வராது."

பெரியப்பா மூச்சை விட்டார். "அப்போ உதவித்தொகை?"

"அது எப்படி ஐயா? பணம் இருக்கே."

"எடுக்க முடியாத பணம் அது. கோர்ட்டு உத்தரவு வர எட்டு மாசம் ஆகும்னு சொல்றாங்க."

"உத்தரவு வந்தா எடுக்கலாமில்ல. அப்ப அது சொத்துதான். எடுத்து அந்தப் பொண்ணுக்குச் செலவு பண்ணுங்க. வரம்புக்குக் கீழ வந்ததும் ரசீதோட திரும்ப விண்ணப்பம் போடுங்க. நானே பார்க்கிறேன்."

அடுத்த எண்ணை அழைத்துவிட்டார்கள். எழுந்து நின்ற பெரியப்பாவுக்குக் கால் மரத்துப் போயிருந்தது. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அவர் கையை உதறவில்லை.

மாதக் கடைசியில் பயிற்சி மையத்திலிருந்து தம்பி மனைவிக்குத் தொலைபேசி வந்தது. இடத்தை வேறொரு பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த இடம் ஒன்றரை வருடம் கழித்து வரலாம், வராமலும் போகலாம். முழுக் கட்டண இடம் நாளைக்கே தரலாம் என்றார்கள். அந்தக் கட்டணம் அவளுடைய மாதச் சம்பளத்தைவிடக் கூடுதல்.

அன்று சாயங்காலம் அவள் புது நோட்டு ஒன்றைத் திறந்தாள். மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பாதுகாவலர் மனு அவள் பெயரில் போவதென்று முடிவாயிற்று, துணைக்குத் தம்பி. வக்கீல் கட்டணத்துக்குப் பெரியப்பாவின் மோதிரமும் இரண்டு மாத ஓய்வூதியமும். உயில் மாற்றி எழுதப்பட்டு, வீடு டிரஸ்டுக்குப் போகும். கணக்கு டீச்சர் சொன்ன ஒரு வக்கீல் வெளியாளாக இருப்பார். பட்டுவின் பணம் கைக்கு வந்தால் பேச்சுப் பயிற்சி மறுபடி தொடங்கும், குரல் கருவி வாங்கலாம், முழுக் கட்டண இடம் கிடைத்தால் அதற்கும் அதிலிருந்தே. இப்படிச் செலவழித்தால் மூன்றரை வருடத்தில் தீர்ந்துவிடும் என்று அவள் கூட்டிச் சொன்னாள்.

"தீர்ந்துடுமா?" என்றார் பெரியப்பா.

"தீர்ந்தாத்தான் மாமா உதவித்தொகை."

'நாம போனப்புறம்' என்று ஏழு வருடம் அவர் மனத்தில் சொல்லிவந்த வார்த்தை அந்த மேசையில் எங்கும் இடம் பெறவில்லை. எட்டு மாதத்துக்குப் பட்டுவைப் பார்த்துக்கொள்வது யார் என்பது மட்டும் மீதி இருந்தது. தம்பி மனைவி மருந்துக்கடையில் அரைநாள் வேலைக்கு மாறிக்கொண்டாள். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் காலையிலேயே முடித்துவிட்டுப் போய், மதியம் திரும்புவாள். இடையில் ஐந்து மணி நேரம். அதில் பெரியப்பாவின் பெயரை எழுதும்போது அவள் நிமிர்ந்து பார்த்து, "உங்களால முடியுமா?" என்று கேட்டாள். அந்த வீட்டில் யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை.

"நீ சொல்லிக் கொடு" என்றார்.

பள்ளி முடிந்து வந்த முதல் திங்கள் காலை, வழக்கமான நேரத்துக்குப் பட்டு தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டருகே போய் நின்றாள். பதினான்கு வருடம் வண்டி வந்து நின்ற இடம். அம்மா வேலைக்குப் போகும்போது பட்டுவின் கன்னத்தைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தாள்.

பெரியப்பா வெளியே வந்தார். "பட்டு, வண்டி வராதும்மா. உள்ள வா. வெயில்."

பட்டு தெருமுனையைக் காட்டி ஒரு சத்தம் போட்டாள். வண்டி என்றால் அவள் போடும் சத்தம். அவருக்கு அது பழகிய சத்தம்.

"ஸ்கூல் முடிஞ்சு போச்சும்மா. இனிமே வராது."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஏதோ புரியாத பெரியவரைப் பொறுத்துக்கொள்கிற பார்வை. திரும்பவும் தெருமுனையைப் பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அவள் பலமானவள், அசையவில்லை. பையின் வார் ஒரு பக்கம் நழுவியிருந்தது. அதைச் சரியாக மாட்டிவிட்டார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய வேறு வண்டிகள் இரண்டு அந்த வழியே போயின. ஒவ்வொன்றுக்கும் அவள் ஓரடி முன்னால் வைத்து, பிறகு பின்னால் வைத்தாள். எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். பெரியப்பா நிமிர்ந்தார், ஆனால் உள்ளே போகவில்லை.

"சரி, இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று சொல்லி அவள் பக்கத்தில் நின்றார்.